விதைக்கும் ஆழம் போட்ட பக்கமே இல்லை: விதைக்கடைக்கு எழுதும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வெள்ளிவாயல் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். மணலி புதுநகரைத் தாண்டி வெள்ளிவாயல் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் காய்கறியும் போடுகிறேன். மாசிப் பட்டத்துக்கு வெண்டை, கொத்தமல்லி, தண்டுக்கீரை மூன்றுக்கும் விதை வாங்கினேன். கூடவே ஒரு சின்ன நோட்டீஸ் கொடுத்தார்கள். தனித்தனித் தாள்களை அடுக்கி மூலையில் பின் அடித்தது. நிலம் தயார் செய்வது, விதை நேர்த்தி எல்லாம் 2-ஆம் பக்கத்தோடு முடிகிறது. அடுத்த தாளைப் புரட்டினால் 5-ஆம் பக்கம். 5-ஆம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போடக் கூடாது. விதைத்தவுடன் தண்ணீரும் மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் விடவும்."

எந்தப் பயிர், எத்தனை செ.மீ. என்பது போன தாளோடு போய்விட்டது. கடைக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு தடவை பாருங்கள்.

> ஐயா, வணக்கம். உங்கள் கடையில் விதை வாங்கிய விவசாயி எழுதுகிறேன். விதையோடு தந்த நோட்டீஸில் விதைக்கும் ஆழம் பற்றிய பக்கம் இல்லை. அது இல்லாமல் விதைக்க முடியவில்லை. தயவுசெய்து அந்தப் பக்கத்தை அனுப்பவும், அல்லது எவ்வளவு ஆழம் என்று சொல்லவும். நன்றி.

சுண்டுவிரல் கணக்கு

இதற்குக் கடிதமே வேண்டாம் அண்ணா. விதை எவ்வளவு தடிமனோ அதைப் போல இரண்டு மடங்கு ஆழம். எல்லா விதைக்கும் இதுதான் கணக்கு. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சுண்டுவிரலால் அழுத்திப் போட்டுவிடுங்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான்.

பழைய விதைக்கடை

செங்குன்றத்தில் விதைக்கடையில் ரொம்ப நாள் வேலை பார்த்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தம்பி. உங்கள் கடிதத்தில் மரியாதை இருக்கிறது, ஆனால் கடைக்காரர் பதில் சொல்லத் தேவையானது எதுவும் இல்லை. என்ன விதை, எந்த லாட் என்று இல்லை. ஒரு கடையில் பத்து வகை நோட்டீஸ் கிடக்கும். "ஆழம் போட்ட பக்கம் இல்லை" என்றால் எந்த நோட்டீஸில் என்று அவர் தேட வேண்டும். தேட நேரமில்லாவிட்டால் "ஒரு அங்குலம் போடுங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு அங்குலத்தைத் தண்டுக்கீரைக்குப் போட்டால் ஒரு பயிரும் வெளியே வராது.

இன்னொன்று. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். 2-க்கு அடுத்து 5 என்றால் காணாமல் போனது 3, 4 இரண்டும்தான். நீங்கள் ஒரு பக்கம் என்று எழுதினால் ஒரு பக்கத்தைத்தான் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். 5-ஆம் பக்கத்தில் பாதியில் தொடங்கும் வரியின் தலை 4-ஆம் பக்கத்துக் கடைசியில் இருக்கிறது. அதுதான் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் அது "கூடாது" என்று சொல்லும் வரி.

விதைப் பையில் உள்ள லேபிளைப் பார்த்து லாட் எண், சோதனை செய்த தேதி, முளைப்புத்திறன் சதவீதம் மூன்றையும் இங்கே போடுங்கள். விதைக்கு நிறம் ஏற்றியிருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

பெரம்பூர் மாடி

எனக்கும் இதே பிரச்சினைதான் சார். மாடியில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் தக்காளி போட்டேன். முளைத்து இரண்டு இலை வந்ததும் அடித்தண்டு நீர்கோத்துச் சுருங்கி அப்படியே சாய்ந்துவிடுகிறது. ஆழம் போதாததால்தானே?

பழைய விதைக்கடை

அம்மா, முளைத்து வெளியே வந்த பிறகு சாய்வது ஆழத்தால் அல்ல. அது நாற்றழுகல். ஈரம் காயாமல் இருப்பதும், விதை நெருக்கமாக விழுவதும் காரணம். தண்ணீரைக் குறையுங்கள், விதையைக் கலைத்துப் போடுங்கள். தனி இழை தொடங்கினால் அங்கே பேசலாம்.

வெள்ளிவாயல் தோட்டம்

ஐயா, பார்த்துவிட்டேன். லாட் எண் மூன்று பையிலும் இருக்கிறது, கடிதத்தில் எழுதிவிடுகிறேன். வெண்டைக்கு முளைப்புத்திறன் 65 சதவீதம், கீரைக்கு 70 என்று போட்டிருக்கிறது. வெண்டை விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது, கையில் ஒட்டுகிறது. மற்ற இரண்டும் வெறும் விதை. கொத்தமல்லி முழுசாக, உருண்டையாக இருக்கிறது.

பழைய விதைக்கடை

நல்லது. அந்த 65, 70 இரண்டும் குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் பொருள், 65-தான் முளைக்கும் என்பதல்ல.

வெண்டை விதையில் இருப்பது பூஞ்சாண மருந்து. அதை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும். சுண்டுவிரல் தம்பி சொன்ன ஊறவைக்கும் பழக்கம் வெறும் விதைக்குச் சரி, மருந்து ஏற்றிய விதைக்குச் சரியில்லை. எடுத்துப் போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அவர் சொன்ன மடங்குக் கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது, அடிப்படை அதுதான். தண்டுக்கீரை விதை ஒரு மில்லிமீட்டர் அளவு. அதற்குள் இருக்கும் சத்து எவ்வளவு இருக்கும்! வெளிச்சம் படும்வரை முளை அந்தச் சத்தை வைத்துத்தான் மேலே ஏற வேண்டும். ஆழம் கூடினால் பாதி வழியில் தீர்ந்துவிடும். வெண்டைக்குக் கையிருப்பு அதிகம், அதனால் ஆழத்திலிருந்தும் வரும். ஆனால் விதையின் தடிமன் மட்டும் போதாது, மண்ணும் சேர வேண்டும். உங்கள் மண் எப்படி?

வெள்ளிவாயல் தோட்டம்

கொசஸ்தலையாறு கொண்டுவந்து போட்ட வண்டல், களி அதிகம். தண்ணீர் விட்டு வெயிலில் காய்ந்தால் மேலே தகடு மாதிரி இறுகி வெடிக்கும்.

காட்டூர் மணல்

நான் பழவேற்காடு சாலைப் பக்கம். எங்கள் மண் மணல். வெண்டையை மூன்று செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் ஊன்றுகிறேன், நன்றாக வருகிறது. மேலாகப் போட்டால் பத்து மணி வெயிலுக்கே மேல்மண் காய்ந்து விதை ஊறி நின்றபடியே செத்துப்போகும். உங்களுக்கும் மூன்று போடச் சொல்வேன். வெயில் ஏறுகிற மாசம் இது.

பழைய விதைக்கடை

காட்டூர்க்காரர் சொல்வது அவர் மண்ணுக்கு முழுக்கச் சரி. மணலில் ஈரம் கீழே இறங்கிவிடும், விதையும் இறங்கித்தான் ஆக வேண்டும். வெள்ளிவாயல் களியில் கதை வேறு. அங்கே விதைக்கு ஈரம் கிடைப்பது கஷ்டமில்லை, வெளியே வருவதுதான் கஷ்டம். வெண்டை முளை நேராகக் குத்திக்கொண்டு வராது. கழுத்தை வளைத்து, முதுகால் மண்ணைத் தள்ளி, விதையிலைகளை இழுத்துக்கொண்டு வரும். மேலே பொருக்குத் தட்டியிருந்தால் அந்த வளைந்த கழுத்து ஒடிந்துவிடும். மூன்று செ.மீ. களியும் அதன் மேல் பொருக்கும் என்றால் பாதிப் பயிர் உள்ளேயே நின்றுவிடும்.

முல்லை நகர்

இவ்வளவு விவாதம் எதற்கு? அந்த நோட்டீஸிலேயே 45-க்கு 30 என்று போட்டிருக்குமே, வெண்டைக்கு எல்லா நோட்டீஸிலும் அதுதான். 30 செ.மீ. ஆழம், 45 செ.மீ. அகலம். எங்கள் வீட்டுப் புடலைக்கும் அப்படித்தான் தோண்டினோம்.

சுண்டுவிரல் கணக்கு

அது ஆழம் இல்லைங்க. பாருக்குப் பார் 45, செடிக்குச் செடி 30. புடலைக்குத் தோண்டுவது குழி. குழியை மண்ணும் மக்கின எருவும் போட்டு நிரப்பி, அதன் மேலேதான் விதை ஊன்றுவோம். முப்பது செ.மீ. அடியில் எந்த வெண்டையும் முளைக்காது.

பழைய விதைக்கடை ஐயா, மருந்து விதையை ஊறவைக்கக் கூடாது என்பது எனக்குப் புது விஷயம். வெறும் விதைக்கு மட்டும் இனி ஊறவைக்கச் சொல்கிறேன்.

சட்டம் படித்த விவசாயி மகள்

ஒரு விஷயம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடிதத்திலேயே "தாமதமானால் வழக்குத் தொடருவேன்" என்று எழுதுங்கள் அண்ணா. அப்போதுதான் பயம் இருக்கும்.

பழைய விதைக்கடை

அம்மா சொன்ன தீர்ப்பு உண்மை. ஆனால் அது விதை மோசமாகிப் பயிர் போன வழக்கு. இங்கே விதை இன்னும் பையில் இருக்கிறது. லேபிளில் ரகம், லாட், சோதனைத் தேதி, முளைப்புத்திறன், தூய்மை, மருந்து ஏற்றியிருந்தால் அதன் பெயர் எல்லாம் இருந்தாக வேண்டும். ஆழம் லேபிளில் வர வேண்டிய விஷயம் அல்ல. அது நோட்டீஸில் தருகிற உதவி. முதல் கடிதத்திலேயே வழக்கு என்றால் கடைக்காரர் பதிலைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவார், உங்கள் பட்டம் தவறிப்போகும்.

ஆனால் ரசீதையும் காலிப் பையையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு விதையிலும் ஒரு கைப்பிடி தனியாக எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். நாளை சரியான ஆழத்தில் போட்டும் முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் காட்ட அதுதான் சாட்சி.

சட்டம் படித்த விவசாயி மகள்

ரசீது விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடிதத்துக்கு ஒரு நகல் வைத்து, கொடுத்த தேதியைக் கடையில் எழுதி வாங்குவது நல்லது. பயமுறுத்த இல்லை, பதிவுக்கு.

பழைய விதைக்கடை

அது நல்ல யோசனை, செய்யுங்கள்.

வெள்ளிவாயல் தோட்டம்

எல்லோர் சொன்னதையும் வைத்து மறுபடி எழுதினேன்.

> ஐயா, வணக்கம்.
>
> இந்த மாதம் உங்கள் கடையில் வெண்டை, கொத்தமல்லி, தண்டுக்கீரை விதைகள் வாங்கினேன். ரசீது நகலும் மூன்று பையின் லாட் எண்களும் கீழே இணைத்திருக்கிறேன்.
>
> விதையோடு தந்த நோட்டீஸில் 2-ஆம் பக்கத்துக்கு அடுத்து 5-ஆம் பக்கம் வருகிறது. 3, 4 இரண்டு பக்கமும் உள்ள தாள் இல்லை. கிழிந்த அடையாளமும் இல்லை, பின் அடிக்கும்போதே விட்டுப்போனது போலத் தெரிகிறது. 5-ஆம் பக்கத்தின் முதல் வரி "செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போடக் கூடாது" என்று பாதியில் தொடங்குகிறது. அது எந்தப் பயிருக்கு, எத்தனை செ.மீ. என்று எனக்குத் தெரியவில்லை.
>
> என் நிலம் வெள்ளிவாயலில், களி கலந்த வண்டல். காய்ந்தால் மேலே பொருக்குத் தட்டும். வெண்டையைப் பாரின் பக்கவாட்டில் ஊன்றுவேன். கொத்தமல்லியும் கீரையும் பாத்தியில். வெண்டை விதைக்கு மருந்து ஏற்றியிருக்கிறது.
>
> எனக்கு வேண்டியது இரண்டு. 3, 4 பக்கங்களின் தெளிவான போட்டோ. அதில் போட்டிருக்கும் ஆழம் எந்த மண்ணுக்குச் சொன்னது, விதைக்கு மேல் மூடும் மண்ணின் கனத்தைக் குறிக்கிறதா என்ற விவரம்.
>
> அதே கட்டில் உள்ள மற்ற நோட்டீஸ்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போல வாங்கியவர்களுக்கும் அந்தத் தாள் போயிருக்காது.
>
> நன்றி.

பழைய விதைக்கடை

இப்போது இது கடிதம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், பதில் வருவதற்குள் ஒரு வேலை செய்யலாம். வெண்டையில் 50 விதையை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள், துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். அதே வேளையில் ஒரு மூலையில் மூன்று வரிசை. ஒரு குச்சியில் 1, 2, 4 செ.மீ.க்குக் கோடு போட்டு, கோடு வரை குத்தி, துளைக்கு ஒரு விதை என்று வரிசைக்கு 25 போடுங்கள். துணியில் முளைத்ததுதான் விதையின் பலம். வரிசையில் அதற்குக் குறைந்தது எல்லாம் மண்ணும் ஆழமும் செய்த வேலை.

முளைக்காத துளையைக் கையால் மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். விதை காய்ந்து கல்லாக இருந்தால் ஈரம் எட்டவில்லை. வழவழப்பாகி நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முளைத்து, வெள்ளைத் தண்டு சுருண்டு உள்ளேயே நின்றிருந்தால் ஆழம் கூடுதல் அல்லது பொருக்கு. விதையே இல்லை என்றால் எறும்பு.

வெள்ளிவாயல் தோட்டம்

செய்து பார்த்தேன் ஐயா. துணியில் 50-க்கு 38 முளைத்தது. நூற்றுக்கு 76 வருகிறது, லேபிளில் உள்ளதைவிட நல்லது. அப்படியானால் 25-க்கு 19 வர வேண்டும். 2 செ.மீ. வரிசையில் 17 வந்தது. 1 செ.மீ.யில் 12, தோண்டினால் பல விதைகள் காய்ந்து கிடந்தன. 4 செ.மீ.யில் 8-தான். மீதியில் பெரும்பாலும் நீங்கள் சொன்ன அதே சுருண்ட வெள்ளைத் தண்டு.

சுண்டுவிரல் கணக்கு

வெண்டை விதை நாலு மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு மடங்கு என்றால் 8 மில்லிமீட்டர். அதற்கு 1 செ.மீ.தான் பக்கம், ஆனால் 2-தான் வென்றிருக்கிறது. அப்படியானால் என் கணக்கு வெயிலை எண்ணவில்லை.

காட்டூர் மணல்

சரி, உங்கள் மண்ணுக்கு 2 என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கு 3-லிருந்து மாறுவதாக இல்லை.

வெள்ளிவாயல் தோட்டம்

கடையிலிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோபப்படவில்லை. லாட் எண் இருந்ததால் எந்தக் கட்டு என்று உடனே பிடித்துவிட்டாராம், அந்தக் கட்டில் வேறு சிலதிலும் தாள் விட்டுப்போயிருக்கிறதாம்.

வெண்டைக்கு 2 முதல் 3 செ.மீ. என்று இருக்கிறது. தண்டுக்கீரைக்கு ஆழமே போடவில்லை: விதையை மணலோடு கலந்து தூவி, மேலாக மண் அல்லது மணலால் மூடவும் என்று மட்டும். 4-ஆம் பக்கத்தின் கடைசி வரி: "கொத்தமல்லி விதையை எந்த மண்ணிலும் 3". அப்புறம் 5-ஆம் பக்கம் "செ.மீ.க்கு மேல்". நான் அந்த வரியை வெண்டைக்கு என்று நினைத்திருந்தால் காட்டூர் அண்ணாவோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

எந்த மண்ணுக்கு என்று கேட்டதற்கு, "பொதுவா எல்லா மண்ணுக்கும் போட்டது, களிக்கு 2 பக்கமா வச்சுக்கோங்க" என்றார்.

பழைய விதைக்கடை

உங்கள் வரிசையும் அதையேதான் சொன்னது. வெண்டைக்கு 2.

கொத்தமல்லியை அப்படியே போடாதீர்கள். ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை. தரையில் போட்டு மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, பிறகு ஊறவைத்து, ஒன்றரை செ.மீ. ஆழத்தில் கோடு கிழித்துப் போடுங்கள். அது முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகும், ஐந்தாம் நாளே தோண்டிப் பார்க்க வேண்டாம். 3 என்பது எல்லை, அதுதான் அளவு என்று எடுக்கக் கூடாது.

கீரைக்கு மேலாக என்றால் அரை செ.மீ. உங்கள் களியால் மூடாதீர்கள், மணலும் மக்கின எருவும் கலந்து மூடுங்கள். சென்ட்டுக்குப் பத்து கிராம் விதை போதும். அதைப் பத்துப் பங்கு காய்ந்த மணலில் கலந்தால்தான் கை சீராகத் தூவும். குழாயை நேரடியாகத் திறந்துவிட்டால் விதை ஓரத்துக்கு ஓடி ஒதுங்கிவிடும், பூவாளியால் தெளியுங்கள்.

வெள்ளிவாயல் தோட்டம்

கடைசியாக ஒரு சந்தேகம். வெண்டை ஊன்றின மறுநாளே ஒரு கோடை மழை அடித்துப் பொருக்குத் தட்டினால் என்ன செய்வது?

பழைய விதைக்கடை

கிளறாதீர்கள். காலையும் மாலையும் பூவாளியால் லேசாகத் தெளித்து மேல்மண்ணை நனைத்தே வையுங்கள். முளை தானாகத் தள்ளிக்கொண்டு வரும்.

காட்டூர் மணல்

எங்கள் பக்கத்து ஊர்க் களி நிலத்தில் முள்கொம்பை மேலாக இழுத்துப் பொருக்கை உடைக்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் வெயிலுக்கு மறுபடி இறுகும். உடைப்பதுதான் நல்லது.

பழைய விதைக்கடை

முளை மேலே வந்துகொண்டிருக்கும்போது கொம்பு இழுத்தால் கழுத்தோடு போகும். மழை அடித்த மறுநாளே, முளை கிளம்புவதற்கு முன் என்றால் வேண்டுமானால் இழுக்கலாம். எனக்குத் தெளிப்பதில்தான் நம்பிக்கை.

காட்டூர் மணல்

நான் பார்த்த நிலத்தில் இழுத்தும் பயிர் நன்றாகவே வந்தது, ஐயா.

வெள்ளிவாயல் தோட்டம்

மழை வந்தால் பாதிப் பாருக்கு இது, பாதிக்கு அது என்று வைத்துப் பார்க்கிறேன். நாளை காலை ஊன்றுகிறேன். செங்குன்றம், மாதவரம் பக்கம் இந்த மாதம் நோட்டீஸோடு விதை வாங்கியவர்கள் இருந்தால் விதைப்பதற்கு முன் 2-க்கு அடுத்து 3 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சொல்லுங்கள், இரண்டு பக்கத்தின் போட்டோவையும் இங்கேயே போடுகிறேன்.